தானியங்கி ரிப்போர்ட் தப்பான எண்களோடு போய்விட்டால்: திருத்தத்தை எந்த வழியில் அனுப்புவது?

14 கிளைகள் உள்ள ஒரு மளிகைக் கடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் விற்பனை ரிப்போர்ட் தினமும் காலை 7 மணிக்குத் தானாகவே மெயிலில் போகிறது. பெறுகிறவர்கள் 62 பேர்: கிளை மேனேஜர்கள், கொள்முதல் பிரிவு, கணக்குப் பிரிவு, உரிமையாளர்கள், வெளியே உள்ள சில டிஸ்ட்ரிபியூட்டர்கள். 15-ந் தேதி வியாழக்கிழமை காலை 9:10-க்கு ஒரு கிளை மேனேஜர் போன் செய்கிறார். "சார், நேத்து எங்க கடை நாள் முடிவு சீட்டுல 4,12,600 ரூபாதான் இருக்கு. ரிப்போர்ட்ல 4,98,350-ன்னு வந்திருக்கே?"

அவர் சொல்வது சரி. பில் தொகையைப் பாதி ரொக்கமாகவும் பாதி யுபிஐயிலும் கட்டும் வசதியைத் திங்கட்கிழமைதான் பில்லிங் மென்பொருளில் திறந்துவிட்டிருக்கிறார்கள். தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுக்கும் ரிப்போர்ட்டின் வினவலோ பில் அட்டவணையைப் பணம் கட்டிய அட்டவணையோடு இணைத்துக் கூட்டுகிறது. தேதி நிபந்தனையை விட்டுவிட்டுப் பார்த்தால் அது இப்படி இருக்கும்:

```sql
SELECT b.shop_id, SUM(b.amount) AS sales
FROM bills b
JOIN payments p ON p.bill_no = b.bill_no
WHERE p.status = 'SUCCESS'
GROUP BY b.shop_id;
```

பணம் வந்து சேர்ந்த பில்களை மட்டும் எடுக்க வேண்டும் என்றுதான் இந்த இணைப்பைப் போட்டிருக்கிறார்கள். ஒரு பில்லுக்கு ஒரு கட்டணம் என்று இருந்தவரை கணக்கு சரியாக வந்தது. ஒரே பில்லை இரண்டு வழியில் கட்டினால், அந்த பில்லின் முழுத் தொகையும் இரண்டு முறை கூட்டப்படும். அந்தக் கிளையில் அன்று அப்படிக் கட்டிய பில்களின் மொத்தம் 85,750 ரூபாய். கூடுதலாக வந்ததும் அதே தொகைதான்.

இந்த வகைப் பிழையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாக் கிளைகளும் ஒரே விகிதத்தில் கூடவில்லை. ஒரு கிளை 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது, இன்னொரு கிளை 7 சதவீதம், பிரித்துக் கட்டும் வாடிக்கையாளரே இல்லாத கிளை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மொத்தத்தில் உண்மையான விற்பனை 38,64,200, ரிப்போர்ட்டில் வந்தது 42,11,750. வித்தியாசம் சுமார் 9 சதவீதம். அன்றாட ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிற அளவு என்பதால்தான் மூன்று நாளாக யார் கண்ணிலும் படவில்லை. "எல்லாவற்றிலும் 9 சதவீதம் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சமாளிக்கவும் முடியாது. கிளைவாரியாகச் சரியான எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது மணி 9:15. என்ன அனுப்புவது, எப்போது, யாருக்கு?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட் தானாக அனுப்பப்படுவதை நிறுத்திவையுங்கள். காரணத்தைத் தேடும் பரபரப்பில் இதை மறந்துவிடுவது சகஜம். மன்னிப்புக் கேட்டு மெயில் போன மறுநாள் காலை 7 மணிக்கு அதே தப்பான ரிப்போர்ட் மறுபடியும் போய் நிற்கும். முதல் தப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மெயிலைத் திரும்பப் பெறுவது

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். போனதைத் திருப்பி எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே! ஆனால் தானியங்கி ரிப்போர்ட்டுக்கு இது பெரும்பாலும் உதவாது. அவுட்லுக்கில் இருக்கும் `Recall This Message` ஒரே நிறுவனத்துக்குள், எக்ஸ்சேஞ்ச் அஞ்சல்பெட்டிகளுக்கு இடையே மட்டும் வேலை செய்யும். பழைய முறையில், பெற்றவர் இன்னும் படிக்காமல் இருந்தால்தான் பலிக்கும். 2023-ல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வந்த புதிய முறை படித்த மெயிலையும் எடுக்கும், ஆனால் அதுவும் நிறுவனத்தின் எல்லையைத் தாண்டாது. ஜிமெயிலில் அனுப்பியதை ரத்துசெய்ய அதிகபட்சம் 30 நொடிதான்.

இதைவிட அடிப்படையான தடை வேறொன்று. சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் அனுப்பிய மெயில் பெரும்பாலும் யாருடைய `Sent Items` பெட்டியிலும் இருக்காது. திரும்பப் பெறும் பொத்தானை அழுத்த வேண்டுமென்றால் அந்த மெயிலைத் திறந்தாக வேண்டும், திறப்பதற்கு மெயிலே இல்லை. நிர்வாகியைக் கூப்பிட்டு எல்லா அஞ்சல்பெட்டிகளிலும் தேடி நீக்கச் சொல்லலாம். அதற்குள் மேனேஜர் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துக் கிளையின் வாட்ஸாப் குழுவில் போட்டிருப்பார். டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருக்கும் பிரதி அங்கேயே இருக்கும்.

முழுதாக வெற்றி பெற்றாலும்கூட இதில் ஒரு தீமை இருக்கிறது. காலை 8 மணிக்கு அந்த எண்ணைப் பார்த்து ஆர்டரைக் கூட்டிய கொள்முதல் அலுவலருக்கு, தான் எதைப் பார்த்து அப்படிச் செய்தோம் என்று காட்டக் கையில் ஆதாரம் இருக்காது. ஆகவே எண்கள் தப்பாகப் போன சம்பவத்துக்குத் திரும்பப் பெறுதல் சரியான மருந்து அல்ல. போகக்கூடாத ஆளுக்குச் சம்பள விவரம் போய்விட்டது என்பது போன்ற தகவல் கசிவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமில்லாமல் சரியானதை அனுப்புவது

வினவலைத் திருத்தி, அதே தலைப்பில், அதே முகவரியிலிருந்து ரிப்போர்ட்டை மறுபடி ஓட்டிவிடுவது இரண்டாவது வழி. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முடிந்தது, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து. காரணம் நேர்மை மட்டுமில்லை, நடைமுறையும்தான்.

தினமும் வரும் ரிப்போர்ட்டைப் பலர் ஒரு விதி போட்டுத் தனிக் கோப்புறைக்குத் தள்ளிவைத்திருப்பார்கள். அதே முகவரி, அதே தலைப்பு என்றால் திருத்திய ரிப்போர்ட்டும் படிக்கப்படாமல் அந்தக் கோப்புறைக்கே போய்விடும். படிப்பவர்களும் இரண்டு மெயிலைப் பார்த்து, ஏதோ இருமுறை வந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவதை அழித்துவிடுவார்கள். பாதிப் பேர் 4,98,350 என்பார்கள், மீதிப் பேர் 4,12,600 என்பார்கள். மாதாந்தரக் கூட்டத்தில்தான் அது வெடிக்கும். ரிப்போர்ட்டை மெயிலில் இணைக்காமல் பகிர்வுக் கோப்புறையில் வைக்கிறவர்கள் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடுவதும் இதே தப்புதான். பழையதை அப்படியே விட்டு, அதன் பெயரின் முன்னால் "தவறானது" என்று சேர்த்து, பக்கத்தில் "திருத்தியது" என்று புதியதை வையுங்கள்.

ஒரே மெயிலா, இரண்டு மெயிலா

உண்மையில் யோசிக்க வேண்டிய தேர்வு இதுதான். ஒரு வழியில், சரியான எண்கள் தயாராகும்வரை காத்திருந்து, விளக்கத்தோடு ஒரே மெயிலாக அனுப்பலாம். இன்னொரு வழியில், "இந்த எண்களை இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம்" என்று உடனே ஒரு சிறு அறிவிப்பை அனுப்பிவிட்டு, எண்கள் தயாரானதும் முழுத் திருத்தத்தை அனுப்பலாம்.

ஒரே மெயிலுக்கு நல்ல வலு இருக்கிறது. படிப்பவருக்குக் கேள்வியும் பதிலும் ஒன்றாகக் கிடைக்கின்றன. 62 பேரை இரண்டு முறை தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. "எது சரி என்று தெரியவில்லை" என்ற நிலையில் யாரையும் தொங்கவிடுவதில்லை. அரைமணி நேரத்துக்குள் எண்களைச் சரிபார்த்து முடிக்க முடியும், அதற்குள் யாரும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை என்றால் இதுவே சிறந்தது.

நம் உதாரணத்தில் இரண்டு நிபந்தனையும் பொருந்தவில்லை. கொள்முதல் பிரிவு ஆர்டரை மூடும் நேரம் காலை 10:30. மூன்று நாள் ரிப்போர்ட்டை மறுபடி கணக்கிட்டு, கிளைகளின் நாள் முடிவுச் சீட்டோடு ஒப்பிட இரண்டு மணி நேரமாவது ஆகும். 11:15-க்கு வரும் மிகச் சரியான மெயிலால் அதற்கு முன்பே போய்விட்ட ஆர்டரைத் தடுக்க முடியாது. ஆகவே இங்கே இரண்டு மெயில்தான் சரி. முதலாவது 9:30-க்குள் போக வேண்டும்.

முதல் மெயிலில் பலர் சறுக்குவது அளவைச் சொல்லாமல் விடும்போதுதான். "ரிப்போர்ட்டில் தவறு உள்ளது, தயவுசெய்து புறக்கணிக்கவும்" என்று மட்டும் எழுதினால், தப்பில்லாத சரக்கு இருப்புப் பத்தியையும் யாரும் நம்ப மாட்டார்கள். இருப்பு ரிப்போர்ட்டும் தப்பா என்று கேட்டு போன்கள் குவியும். எந்தப் பத்தி தப்பு, எது சரி, அடுத்த தகவல் எப்போது வரும் என்ற மூன்றும் இருந்தால் போதும். காரணம் இப்போது தேவையில்லை. 9:30-க்கு உங்களுக்குத் தெரிந்த காரணம் 11 மணிக்கு மாறியிருக்கலாம்.

> தலைப்பு: நிறுத்திவைக்கவும்: தினசரி விற்பனை ரிப்போர்ட், 15-ந் தேதி காலை
>
> இன்று காலை 7 மணிக்கு வந்த ரிப்போர்ட்டில் விற்பனைத் தொகை, டார்கெட் சதவீதம், சராசரி பில் தொகை, மாத மொத்தம் ஆகிய நான்கு பத்திகளும் தவறு. சில கிளைகளுக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டுகின்றன. பில் எண்ணிக்கையும் சரக்கு இருப்பும் சரியானவை. முந்தைய நாட்களின் ரிப்போர்ட்டும் பாதிக்கப்பட்டதா என்று பார்த்து வருகிறோம். இன்றைய ஆர்டருக்கு இந்த விற்பனை எண்களை எடுக்க வேண்டாம். சரியான எண்கள் பகல் 12 மணிக்குள் வரும். ஏற்கெனவே இவற்றை வைத்து ஏதாவது செய்திருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.

பகல் 12 மணி என்று சொன்னால், எண்கள் தயாராகாவிட்டாலும் 12 மணிக்கு ஒரு மெயில் போக வேண்டும். 11:15-க்கு முடியும் என்று தோன்றினாலும் 12 என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எந்த முகவரியிலிருந்து, யாருக்கு

ரிப்போர்ட் அனுப்பும் தானியங்கி முகவரியிலிருந்து திருத்தத்தை அனுப்பாதீர்கள். கோப்புறை விதியைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். அந்த முகவரிக்கு வரும் பதிலையும் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. பொறுப்பான ஒருவரின் சொந்த அலுவலக முகவரியிலிருந்து போகட்டும்.

பழைய மெயில் தொடரிலேயே பதிலாக அனுப்பலாமா, புது மெயிலா? தொடரில் போட்டால், பின்னால் பழைய ரிப்போர்ட்டைத் திறப்பவருக்குத் திருத்தமும் அடியிலேயே தெரியும். இது பெரிய நன்மைதான். ஆனால் தலைப்பு மாறாமல் போகும், அவசரம் தெரியாது. ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் தொடர் தானாகவே உடைந்து புது மெயிலாகிவிடும். எனவே புது மெயிலாகவே அனுப்பி, தலைப்பின் முன்னால் "திருத்தம்:" என்று சேர்த்து, அதன்பின் பழைய தலைப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் பெயரைத் தேடுபவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

பாதிக்கப்பட்ட கிளைகளுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா என்ற கேள்வி வரும். அவ்வளவு பேரைப் பயமுறுத்துவானேன் என்பது அதன் நியாயம். ஆனால் மாறாத கிளையின் மேனேஜரும் மற்ற கிளைகளோடு தன் கடையை ஒப்பிட்டிருப்பார், தரவரிசையில் பின்தங்கியிருக்கிறோம் என்று கவலைப்பட்டிருப்பார். ரிப்போர்ட் யாருக்கெல்லாம் போனதோ அவர்கள் எல்லோருக்கும் திருத்தம் போக வேண்டும். அந்தப் பட்டியலை இன்றைய குழு முகவரியிலிருந்து எடுக்காமல், அனுப்பிய சர்வரின் பதிவேட்டிலிருந்து எடுங்கள். இடையில் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் கையிலும் செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் இருக்கிறது. வெளியாட்களின் முகவரிகளை `Bcc`-யில் போடுங்கள், ஒரு டிஸ்ட்ரிபியூட்டரின் முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

எண்களைச் சரிபார்த்தல்

இரண்டாவது மெயில் தப்பாகப் போனால் மூன்றாவதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே திருத்திய வினவல் வேறு எண்ணைத் தருகிறது என்பது போதாது, சரியான எண்ணைத் தருகிறது என்று வெளியே இருக்கும் ஓர் ஆதாரத்தால் உறுதியாக வேண்டும். முதலில் பிழையின் எல்லையைக் கண்டுபிடியுங்கள். பழைய வினவலின் அதே இணைப்பை வைத்து இதை நாள்வாரியாக ஓட்டினால் போதும்:

```sql
SELECT b.bill_date, COUNT(*), COUNT(DISTINCT b.bill_no)
FROM bills b
JOIN payments p ON p.bill_no = b.bill_no
WHERE p.status = 'SUCCESS'
GROUP BY b.bill_date
ORDER BY b.bill_date;
```

இரண்டு எண்ணிக்கையும் எந்த நாளிலிருந்து பிரிகிறதோ அந்த நாள்தான் தொடக்கம். இங்கே அது 12-ந் தேதி திங்கள். அப்படியானால் 13, 14, 15 காலை வந்த மூன்று ரிப்போர்ட்டும் தவறு. இந்த மாதத்தின் இதுவரையான மொத்தமும் அந்த மூன்றிலுமே தவறு.

வினவலைத் திருத்தும்போது அவசரத்தில் `SUM(p.amount)` என்று மாற்றிவிடத் தோன்றும். எண் சரியாக வந்ததுபோலத் தெரியும். ஆனால் பாதித் தொகை வந்து மீதி தோல்வியடைந்த பில்லில் அது வந்த பணத்தை மட்டும் காட்டும். விற்பனை ரிப்போர்ட் சத்தமில்லாமல் வசூல் ரிப்போர்ட்டாக மாறிவிடும். பணம் வந்த பில்லா என்று பார்ப்பதை இணைப்பிலிருந்து பிரித்துவிடுவதே சரி:

```sql
SELECT b.shop_id, SUM(b.amount) AS sales
FROM bills b
WHERE EXISTS (SELECT 1 FROM payments p
              WHERE p.bill_no = b.bill_no
                AND p.status = 'SUCCESS')
GROUP BY b.shop_id;
```

பிறகு மூன்று கிளைகளின் நாள் முடிவுச் சீட்டை போட்டோவாக வாங்கி ஒப்பிடுங்கள். பிரித்துக் கட்டும் பில் அதிகம் உள்ள கிளை ஒன்று, கொஞ்சம் உள்ள கிளை ஒன்று, சுத்தமாக இல்லாத கிளை ஒன்று. கடைசியாகச் சொன்ன கிளையின் எண் மாறியிருந்தால் திருத்தத்தில் வேறு ஏதோ சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முழுத் திருத்தத்தில் பழைய எண்ணையும் காட்டலாமா

தப்பான எண்ணை மறுபடி அச்சிட்டால் குழப்பம்தான் கூடும், சரியான எண்ணை மட்டும் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பொதுமக்களுக்குப் போகும் அறிவிப்பில் அந்த வாதம் ஓரளவு நிற்கும். அலுவலக ரிப்போர்ட்டில் நிற்காது. கணக்குப் பிரிவில் இருப்பவர் தன் எக்செல் கோப்பில் பதிந்துவைத்திருப்பது பழைய எண். அதைத் தேடிப் பிடித்து மாற்ற அவருக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். மாறாத கிளைகளையும் பட்டியலிலிருந்து விடாமல் "மாற்றமில்லை" என்று எழுதுங்கள். விட்டால், மறந்துவிட்டார்களோ என்று கேட்பார்கள்.

> தலைப்பு: திருத்தம்: தினசரி விற்பனை ரிப்போர்ட், 13, 14, 15-ந் தேதி காலை
>
> இந்த மூன்று ரிப்போர்ட்டிலும் விற்பனைத் தொகை, டார்கெட் சதவீதம், சராசரி பில் தொகை, மாத மொத்தம் ஆகியவை தவறு. இரண்டு வழியில் பணம் கட்டிய பில்கள் இரண்டு முறை கூட்டப்பட்டுவிட்டன. தவறு எங்களுடையது, வருந்துகிறோம். 12-ந் தேதி காலை வரை வந்த ரிப்போர்ட்டுகள் சரியானவை.
>
> 14-ந் தேதி விற்பனை:
> கிளை 3: வந்தது 4,98,350, சரி 4,12,600
> கிளை 7: வந்தது 3,27,450, சரி 3,05,200
> கிளை 9: 2,36,900, மாற்றமில்லை
>
> எல்லாக் கிளைகளும், மூன்று நாட்களும் இணைப்பில் உள்ளன. பழைய கோப்புகளுக்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். பில்லிங் நிறுவனம் வசதியைச் சொல்லாமல் திறந்துவிட்டது, சோதனைத் தரவில் அப்படி ஒரு பில் இல்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவை உள்விசாரணைக் குறிப்பில் இருக்கட்டும். பெறுகிறவருக்கு அது பழிபோடுவதாகத்தான் கேட்கும்.

மெயிலை அனுப்பும் முன் கிளை 3-ன் மேனேஜருக்கு ஒரு போன் செய்யுங்கள். அவருடைய அன்றைய டார்கெட் 4,50,000. வந்த எண்படி 110.7 சதவீதம், இன்சென்டிவ் உண்டு. சரியான எண்படி 91.7 சதவீதம், இல்லை. காலையிலேயே ஊழியர்களிடம் சொல்லிப் பாராட்டியிருப்பார். அந்த இறக்கத்தை 62 பேரோடு சேர்ந்து மெயிலில் படிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளக்கூடாது. டார்கெட்டைத் தாண்டி மறுபடி கீழே விழுந்த கிளை எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் போன் போக வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

மறுநாள் ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பு மட்டும் போதுமா

சில நேரம் போதும். ரூபாயை லட்சத்தில் முழுமையாக்கிக் காட்டும் ரிப்போர்ட்டில் சில நூறு ரூபாய் தவறியிருந்தால், எந்த எண்ணும் எந்த டார்கெட் எல்லையையும் தாண்டாவிட்டால், அடுத்த நாள் ரிப்போர்ட்டின் தலையில் ஒரு வரி எழுதினால் போதும். அதற்குத் தனி மெயில் அனுப்பினால் உண்மையிலேயே அவசரமான திருத்தம் வரும்போது யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இந்த உதாரணத்தில் அந்த வழி தனியாகப் போதாது, ஆனால் திருத்த மெயிலோடு சேர்த்து அந்த ஒரு வரியும் வேண்டும்.

15-ந் தேதி வியாழன் காலை வந்த ரிப்போர்ட்டில் மாத மொத்தம் 5,48,30,000. சரியான தொகை 5,38,20,000. வியாழன் விற்பனை 36,00,000 என்றால் வெள்ளி காலை சரியான மாத மொத்தம் 5,74,20,000 என்று வரும். கணக்குப் பிரிவில் ஒருவர் இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்துச் சரிபார்ப்பார். அவருக்கு 25,90,000 வரும், பக்கத்திலேயே நாள் விற்பனை 36,00,000 என்று இருக்கும். 10,10,000 ரூபாய் எங்கே என்று தேடத் தொடங்குவார். ஆகவே வெள்ளி காலை ரிப்போர்ட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "நேற்றைய ரிப்போர்ட்டின் மாத மொத்தத்தில் 10,10,000 ரூபாய் அதிகமாக இருந்தது. இன்றைய மொத்தத்தில் அது கழிக்கப்பட்டுள்ளது. விவரம் 15-ந் தேதி திருத்த மெயிலில்." அந்த மாதம் முடியும்வரை அந்த வரியை எடுக்காதீர்கள். விடுப்பிலிருந்து திரும்புகிறவர் எந்த நாளில் ரிப்போர்ட்டைத் திறப்பார் என்று தெரியாது.